ஆம், இது குழந்தைகளுக்கானது

அந்த எண்ணை முதலில் பார்த்தது நான்தான். புரட்டாசி மாதம், கடைசிப் புதன்கிழமை, மதிய உணவு இடைவேளை. வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் பின்புறம், டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, தம்பி மகளின் வீடியோவுக்குக் கீழே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘பாப்பா சூப்பர்’, ‘எங்க வீட்டு வாண்டு இதைப் பார்த்தாதான் சாப்பிடுது’ என்கிற வழக்கமான வரிகளுக்கு நடுவில் 4:17 என்று மட்டும் ஒருவர் எழுதியிருந்தார். வேறொன்றும் இல்லை.

வீடியோவுக்குக் கீழே நிமிடத்தையும் நொடியையும் அப்படி எழுதினால் அது தானாகவே ஒரு சுட்டியாகிவிடும். தொட்டால் வீடியோ நேராக அந்த இடத்துக்குப் போய் நிற்கும். தொட்டேன். பாப்பா குரங்குப் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு பேசுகிறாள். காற்றில் ஜன்னல் திரை ஒரு கணம் விலகி மறுபடி மூடுகிறது. சிரிப்பான இடமும் இல்லை, பிழையான இடமும் இல்லை. கை தவறிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கை கழுவப் போனேன்.

அன்றிரவு நாட்குறிப்பில் அதை எழுதவில்லை. முப்பத்தோரு வருடமாக நாள் தவறாமல் எழுதுகிறவள் நான். மழை பெய்தால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது விட்டது என்பது வரை இருக்கும். அந்தப் புதன்கிழமைப் பக்கத்தில் மின்தடை இருக்கிறது, வெங்காய விலை இருக்கிறது, அந்த எண் இல்லை.

வீடியோக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தம்பி அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னால் வீடு. அவன் மனைவி முன்பு ஒரு சிறிய பள்ளியில் மழலையர் வகுப்பு ஆசிரியை. பள்ளி மூடிய பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பழைய சாக்ஸில் ஒரு குரங்கும் ஓர் ஆந்தையும் தைத்தாள். ஆறு வயது மகள் அவற்றை வைத்துக் கதை சொல்ல, இவள் செல்போனில் படம் பிடித்து வெள்ளிக்கிழமைதோறும் சேனலில் ஏற்றினாள். பதினான்கு மாதத்தில் அறுபத்தொரு வீடியோ. விளம்பரத்தில் ஏதோ கொஞ்சம் வர ஆரம்பித்திருந்தது. ஆனால் அவளுக்கு அதைவிடப் பெரிது கீழே வரும் பதில்கள். பினாங்கில் இருக்கும் ஓர் அம்மாள் வாராவாரம் பத்து வரிக்குக் குறையாமல் எழுதுவார். அதைப் படித்துவிட்டுத்தான் தம்பி மனைவி சனிக்கிழமை அடுப்பு பற்ற வைப்பாள்.

ஒவ்வொரு வீடியோவையும் ஏற்றும்போது தளம் ஒரு கேள்வி கேட்கும். இது குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டதா? ஆம், இல்லை இரண்டில் ஒன்றைத் தொட்டால்தான் மேலே போக முடியும். முதல் வீடியோ அன்று அவளுடைய சித்தப்பா மகன், கல்யாண வீடியோ எடுப்பவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“இல்லைனு போடு. ஆமான்னு போட்டா கமெண்ட் போயிடும், புது வீடியோ வந்தா சொல்ற மணி பட்டன் போயிடும். பாக்கறவங்க யாரு, எதைத் தேடுனாங்கன்னு வெச்சு போடற விளம்பரம் நின்னுடும். பொதுவா இருக்கற விளம்பரம்தான் வரும், காசு கம்மி” என்றார்.

“குழந்தைங்கதானே பாக்கப் போவுது?” என்றாள் அவள்.

“குழந்தை கையில போனைக் குடுக்கறது யாரு? அம்மாதானே? அப்போ பாக்கறது அம்மா.”

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அந்த வாதத்தில் உள்ள ஓட்டை எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், ‘குழந்தை நடித்திருப்பதால் மட்டும் அது குழந்தைகளுக்கான வீடியோ ஆகிவிடாது, விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது’ என்று ஒரு துண்டு நியாயத்தை எடுத்து நீட்டினேன். அந்த வரி உண்மைதான். அதற்கு அடுத்த வரிகளை நான் படிக்கவில்லை. அறுபத்தொரு முறையும் ‘இல்லை’.

வீடியோவுக்குக் கீழே விளக்கக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கிக்கொண்டது. கோயில் கல்வெட்டுகளைப் பற்றிய புத்தகங்களைச் சிறு வயதிலிருந்து படித்து வந்தவள். ஒரு துண்டு நிலத்தைத் தானம் கொடுத்தால்கூடக் கிழக்கே எது, தெற்கே எது என்று நான்கு எல்லையும் வெட்டி வைத்த ஊர் இது. ஒரு குழந்தையின் குரலுக்கு அந்த மரியாதை வேண்டாமா என்று எனக்கு ஒரு எண்ணம். அதனால் மாதம், கிழமை, திதி, படம் பிடித்த நேரம், இடம், பாப்பாவின் வயது ஆகியவை எல்லாம் இருக்கும். ‘ஆவணி, பௌர்ணமிக்கு மறுநாள், மாலை நாலரை. அடி அண்ணாமலை. பள்ளிவிட்டு வந்த கையோடு. பாப்பாவுக்கு ஆறு வயது நான்கு மாதம்.’ இந்த மாதிரி அறுபத்தொரு குறிப்பு. இருபது வருடம் கழித்து அவள் படிப்பாள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மறுபடி ஒரு எண் வந்தது. இம்முறை பழைய வீடியோ ஒன்றின் கீழே, 2:05. அதே பெயர், பெயர் என்றால் இரண்டு எழுத்தும் சில இலக்கங்களும்தான், படமில்லாத சாம்பல் வட்டம். சனிக்கிழமைக்குள் ஏழு வீடியோக்களில் அவர் எண் போட்டிருப்பதைத் தேடிப் பிடித்தேன். ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். அப்புறம் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். ஏழிலும் திரை விலகுகிறது. ஒன்றில் மின்விசிறிக் காற்று, ஒன்றில் பாப்பாவின் முழங்கை, ஒன்றில் அவளே எட்டி வெளியே பார்க்கிறாள். ஏழிலும் ஒரு நொடி, இரண்டு நொடி, ஜன்னலுக்கு வெளியே மலை தெரிகிறது.

வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு மலை, அவ்வளவுதான். இந்த ஊரில் பிறந்து அதைச் சுற்றி நடந்தவர்களுக்கு அப்படி இல்லை. கிழக்கே ஊருக்குள்ளிருந்து பார்த்தால் ஒற்றைக் கூம்பு. நடக்க நடக்க அது உடைந்து மடிப்பு மடிப்பாகும். ஓரிடத்தில் இரண்டு சிகரம், ஓரிடத்தில் ஐந்து. மலையின் ஒரு துண்டைக் காட்டினால், பாதையில் இருக்கும் எட்டு லிங்கங்களில் நீங்கள் எதற்கு எதிரே நிற்கிறீர்கள் என்று என் தம்பி சொல்லிவிடுவான். நானும் சொல்லிவிடுவேன்.

ஏழாவது எண்ணுக்குக் கீழே அந்த ஆள் முதல் முறையாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தார். ‘வருண லிங்கம் தாண்டி, வாயு லிங்கத்துக்கு முன்னாடி. சரியா?’

தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் வாங்கும்போது கண்டக்டர், “இன்னாம்மா, ஜுரமா?” என்றார்.

தம்பி கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் குவளையைக் கீழே வைத்தான். உள்ளே போனோம். பாப்பா தரையில் உட்கார்ந்து ஆந்தைக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தாள். “அத்தை, ஆந்தைக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல” என்றாள். அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினோம். செல்போனை எடுத்து ஏழு இடத்தையும் காட்டினேன். தம்பி எழுந்து ஜன்னலைச் சாத்தினான். பிறகு மறுபடி போய்த் தாழ்ப்பாளைப் பார்த்தான்.

“எல்லாத்தையும் அழிச்சுடு. இப்பவே” என்றான்.

“இருங்க. அவனை மட்டும் மறைச்சுடலாம்” என்றாள் அவன் மனைவி. சேனலிலிருந்து ஒருவரை மறைக்க வழி இருக்கிறது. அவர் எழுதுவது வேறு யாருக்கும் தெரியாது. செய்தாள். ஏழு எண்களும் கண்முன்னே போயின. மூச்சு விட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேறொரு பெயரில், வேறொரு சாம்பல் வட்டத்தில், அதே ஏழு எண்கள் திரும்பி வந்திருந்தன. அதற்குக் கீழே, முற்றிலும் வேறு ஆள், சாமி படம் வைத்தவர், எழுதியிருந்தார்: ‘பௌர்ணமிக்கு கிரிவலம் வரேன். பாப்பாவைப் பாக்கணும்.’

ஐப்பசிப் பௌர்ணமிக்கு அன்றிலிருந்து ஒன்பது நாள்.

இந்த ஊர் வீட்டுக்காரர்களுக்குப் பௌர்ணமி என்றால் என்ன என்று சொன்னால்தான் எங்கள் பயம் புரியும். அன்று எங்கள் வாசலைக் கடந்து லட்சக்கணக்கில் போவார்கள். யாரையும் யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்க முடியாது. செருப்பில்லாமல், விபூதி பூசி, பை மாட்டிக்கொண்டு எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள். தண்ணீர் கேட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது வழக்கம். கொடுப்பதும் வழக்கம். ஒரு குழந்தையைத் தேடி வருகிறவனுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு என் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனேன். தம்பி மனைவி அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தைத் தமிழில் திறந்து சத்தமாகப் படித்தாள். வகுப்பில் படிக்கும் குரல்; பாதியில் அந்தக் குரல் இறங்கிக்கொண்டே போனது. வீடியோவின் முக்கியப் பார்வையாளர்கள் குழந்தைகளா? குழந்தைகளைக் கவரும் பொம்மைகள், பாத்திரங்கள் உண்டா? குழந்தைகளுக்கான கதை, பாட்டு, விளையாட்டு உண்டா? சின்னப் பிள்ளைகளுக்குப் புரியும் மொழியா? குழந்தை நடித்தால் மட்டும் போதாது என்று நான் அன்று நீட்டிய வரியும் அங்கேயேதான் இருந்தது. அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றுக்கும் எங்கள் பதில் ஆம், ஆம், ஆம்.

“இதுல எதுக்குமே நம்மால இல்லைனு சொல்ல முடியாது அண்ணி” என்றாள்.

“முடியாது” என்றேன்.

“அன்னைக்கே ஆமான்னு போட்டிருந்தா கமெண்டே வந்திருக்காது. நம்பரும் வந்திருக்காது.”

பல பிள்ளைகளின் வீடியோக்களைத் தளமே கண்டுபிடித்துக் குழந்தைகளுக்கானது என்று குறித்துவிடுமாம். எங்களுடையதை அது கண்டுகொள்ளவில்லை. அதைச் சொல்லித் தப்பிக்கத் தோன்றியது. சொல்லவில்லை.

தம்பி வாசல்படியில் நின்றபடியே கேட்டான்: “ஆமான்னு போட்டா அவன் பாக்க முடியாதா?”

“பாக்கலாம். எழுதத்தான் முடியாது” என்றாள்.

“அப்போ இன்னா பிரயோஜனம்?”

“எழுதினாதான் அவன் இருக்கான்னே நமக்குத் தெரியுது. மூடிட்டா அவன் இருக்கானா போனானான்னு எப்படித் தெரியும்? அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

“உனக்கு அந்தப் பினாங்கு அம்மா போயிடும்னு பயம்” என்றான் தம்பி.

அவள் மடிக்கணினியை மெதுவாக மூடினாள். “ஆமா, அதுவும்தான். பகல் பூரா உங்களுக்குக் கடை நிறைய ஆளு. எனக்கு யாரு இருக்காங்க சொல்லுங்க” என்றாள். அவன் கடைக்குப் போய்விட்டான். பாலை வெறுமனே ஆற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

முதலில் காவல் நிலையம் போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். எந்தப் பதிலும் மறைவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீடியோ, எண், நாள், நேரம் எனப் பட்டியலிட்டு அச்செடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை போனோம். அங்கே இருந்த பெண் தலைமைக் காவலர் பட்டியலை இரண்டு முறை படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. இதுவரைக்கும் மிரட்டல்னு ஒண்ணும் இல்ல. கம்பெனிக்கு எழுதிக் கேப்போம், பதில் வர நாளாகும். அதுக்குள்ள...” என்று நிறுத்தி, வீடியோவுக்குக் கீழே நான் எழுதிய குறிப்பை விரலால் காட்டினார். “இது யார் எழுதினது?”

“நான்தாங்க.”

“ஊரு, பள்ளிக்கூடம் விடற நேரம், வயசு. அவன் நம்பர் போட்டது ஜாஸ்தி வேலைம்மா. நீங்க எழுதினதைப் படிச்சாலே போதுமே.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் வலிக்கிறது. மலையைப் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேனே தவிர, என் கையெழுத்தில் நான்கெல்லையும் இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை. தம்பி மனைவி என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை காலை, சரியாக ஏழு நாற்பதுக்கு, மடிக்கணினியில் அறுபத்தொரு வீடியோவையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்தாள். பார்வையாளர்கள் என்ற இடத்தில் ‘ஆம், குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டது’ என்பதைத் தொட்டாள். உறுதியா என்று தளம் கேட்டது. அதற்கு முன் பினாங்கு அம்மாளின் கடைசிப் பதிலை ஒருமுறை படித்துக்கொண்டாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு உறுதி செய்தாள். மலை தெரிந்த ஏழு வீடியோக்களை மட்டும் வேறு யாரும் பார்க்க முடியாதபடி தனிப்பட்டதாக மாற்றினாள். நான் மீதி ஐம்பத்துநான்கின் கீழே இருந்த என் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து அழித்தேன். மதியம் இரண்டரை ஆயிற்று.

ஏதாவது ஒரு வீடியோவைத் திறந்தால், பதில்கள் இருந்த இடத்தில் கருத்துகள் முடக்கப்பட்டுள்ளன என்று ஒரு வரி. அவ்வளவு பெயர்களும் அவ்வளவு வார்த்தையும் இருந்த இடம் ஒரு சாம்பல் வரியாகிவிட்டது. விளம்பரமும் மாறியது. அதுவரை என் செல்போனில் அவளுடைய வீடியோவுக்கு முன்னால் நான் தேடியிருந்த மூட்டுவலி எண்ணெய்தான் வரும்; இப்போது என்னை யாரென்றே தெரியாத ஏதோ ஒரு வண்ணப் பென்சில் விளம்பரம் வந்தது.

பௌர்ணமி வரை இருந்த அந்த ஐந்து நாளும் எங்களுக்கு எதுவும் தெரியாது. அவள் சொன்னதுபோலவேதான். எழுதுகிறவரை அவன் எங்கேயோ இருந்தான். எழுத வழியில்லாதபோது எங்கும் இருந்தான். டீ குடிக்க வந்தவர் செல்போனை எடுத்தால் தம்பி கை நின்றுவிடும். பள்ளி விடும்போது நான் அலுவலகத்தில் சொல்லிவிட்டு ஓடினேன். வாசலில் நின்ற ஐஸ்கிரீம் வண்டிக்காரரை, பத்து வருடமாகத் தெரிந்த மனிதரை, முறைத்துப் பார்த்தேன். “இன்னாம்மா, நான் எதுனா தப்பு பண்ணிட்டனா?” என்று கேட்டார் பாவம்.

பௌர்ணமி அன்று தம்பி மனைவியையும் பாப்பாவையும் வேங்கிக்காலில் என் வாடகை வீட்டில் விட்டு, உள்ளே பூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் கடைக்கு வந்தேன். கடையை மூடினால் சந்தேகம் வரும், திறந்தே வைக்கலாம் என்று தம்பி சொன்னான். பத்தடி தள்ளிப் பாதுகாப்புக்கு நின்ற பெண் காவலரிடம் முன்பே பேசி வைத்திருந்தோம். மூன்று மணியிலிருந்து கூட்டம். நான் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து மணிக்குள் எல்லா முகமும் ஒரே முகமாகிவிட்டது.

ஐந்தே கால் வாக்கில், இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண், “அண்ணே, கதை சொல்ற பாப்பா வீடு இதானா?” என்றாள். தம்பி இல்லை என்றான். அவள் முகம் வாடி நடந்தாள். நல்ல பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவளுக்கும் தெரிந்திருந்தது.

ஆறு மணிக்கு அவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வேட்டி, துண்டு, நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அவசரமில்லாமல் ஒரு சுக்குக் காபி வாங்கிப் பாதி குடித்துவிட்டுக் கேட்டார்.

“பாப்பா உள்ள இருக்குதுங்களா?”

“எந்தப் பாப்பா?” என்றேன்.

“கமெண்டை மூடிட்டீங்களே. அதான் நேர்லயே வந்துட்டேன்.”

தம்பி அடுப்பை அணைத்தான். நான் பெஞ்சைத் தாண்டி முன்னால் வந்தேன். “இங்க அப்படி யாரும் இல்லீங்க. தப்பா வந்துட்டீங்க.”

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. கடைக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்து, “மலை பொய் சொல்லாதும்மா” என்றார்.

தம்பி விசில் அடித்தான். அதுதான் நாங்கள் பேசி வைத்தது. பெண் காவலர் வந்து அவர் தோளைத் தொட்டார். அவர் ஓடவில்லை, எதிர்க்கவில்லை, ஆச்சரியப்பட்டார். கேட்டதும் செல்போனைத் திறந்து கொடுத்தார். பௌர்ணமிக்கு வரேன் என்று எழுதியது அவர்தான். எண் போட்டது அவரில்லை. அவர் எழுதியவை எல்லாம் அவருடைய கணக்கிலேயே வரிசையாக இருந்தன. எண் ஒன்றுகூட இல்லை.

“எனக்கு அதெல்லாம் போடத் தெரியாதுங்க. யாரோ போட்டிருந்தாரு. அமுக்கிப் பாத்தேன், மலை தெரிஞ்சுது. கீழ இடமும் சொல்லியிருந்தாரு. அதை வெச்சுத்தான் வந்தேன்” என்றார்.

பையில் மஞ்சள் நிற முடிக் கிளிப்புகள் ஓர் அட்டை, சாக்லேட் டப்பா. பெண் காவலர் ஊர், முகவரி, போன் நம்பர் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு, நிலையத்துக்குப் போனில் சொல்லிவிட்டு, “முன்னப்பின்ன தெரியாத குழந்தையைத் தேடி வருவீங்களா? உங்க வீட்டுப் புள்ளையை இப்படி ஒருத்தர் தேடி வந்தா?” என்று அதட்டினார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். காவலர் பையை வாங்கி வைத்துக்கொண்டு அவரை அனுப்பினார். வந்தவர் வாயு லிங்கம் பக்கமாக நடந்து கூட்டத்தில் கலந்தார். எது அவர் முதுகு என்று அரை நிமிடத்தில் தெரியாமல் போயிற்று.

எட்டு மணிக்கு வேங்கிக்கால் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி மனைவி முழுவதும் கேட்டுவிட்டு, “நம்பர் நமக்குப் போட்டது இல்ல அண்ணி” என்றாள்.

“அப்படின்னா?”

“நம்மளைப் பயமுறுத்தப் போட்டான்னு நினைச்சோம். மத்தவங்களுக்கு வழி காட்டப் போட்டிருக்கான். கைகாட்டி மரம் மாதிரி.”

பதில்களை மூடியதால் என்ன பயன் என்று தம்பி கேட்டதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது. அவன் கண்ணை நாங்கள் மூடவில்லை. கைகாட்டியைப் பிடுங்கினோம். ஆனால் அது எத்தனை நாள் நின்றது? முதல் எண்ணிலிருந்து மூடிய காலை வரை, கூட்டிப் பார்த்தேன், பதினான்கு நாள்.

பௌர்ணமிக்கு அடுத்த திங்கட்கிழமை, காவல் நிலையத்தில் கேட்ட கூடுதல் பிரதிக்காக, ஸ்கிரீன்ஷாட்களை மறுபடி பெரிதாக்கி அச்செடுத்துத் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனேன். தம்பி மனைவி மேசைக்கு எதிரே உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். 4:17 தாள் கையில் வந்தபோது நிறுத்தினாள். எண்ணுக்குக் கீழே, பொடி எழுத்தில், கட்டைவிரல் படம். ஒரு பதில் பிடித்துப் போனவர்கள் தொட்டுவிட்டுப் போகும் குறி. நாளையும் நேரத்தையும் நொடி பிசகாமல் எழுதிய என் பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவே இல்லை. அதன் பக்கத்தில் இருந்த இலக்கத்தை விரல் வைத்துக் காட்டினாள்.

பதினொன்று.

“ஒருத்தர் வந்துட்டுப் போயிட்டாரு” என்றாள்.

அடுப்படியிலிருந்து தம்பி வந்து தாளை வாங்கிப் பார்த்தான். கண்ணாடி இல்லாமல் அவனுக்குத் தெரியாது. தூரத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, செங்கம் ரோடு பக்கம் ஏதாவது வீடு காலியாக இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான்.